ஸ்டேட்மென்டில் புரியாத வரி: அது எந்தப் பணம் என்று கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

வங்கி ஸ்டேட்மென்டில் புரியாத வரி ஒன்று வந்தால் எல்லோரும் முதலில் பெயரைத்தான் தேடுகிறோம். யார் அனுப்பினார், யாருக்குப் போனது என்று பார்க்கிறோம். ஆனால் அந்த வரியில் மிகக் குறைவாக நம்ப வேண்டியது பெயரைத்தான். பெயர் பாதியில் வெட்டப்பட்டிருக்கும். கடையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கடைக்காரரின் மனைவி பெயர் இருக்கும். சில நேரம் நீங்கள் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். அதனால் பார்க்கும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பணம் வந்த வழியை முதலில் பாருங்கள், பிறகு குறிப்பு எண், அடுத்து தொகை. பெயர் கடைசியில் வரட்டும்.

இதை ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் பார்ப்போம். கோத்தகிரிப் பக்கம் ஒரு குடும்பம் சுற்றுலாப் பயணிகளுக்கு இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறது, கூடவே கொஞ்சம் தேயிலையும் இருக்கிறது. மே மாதம் சீசன். விருந்தினர்கள் யுபிஐயில் முன்பணம் அனுப்புகிறார்கள், சிலர் கார்டு தேய்க்கிறார்கள், தேயிலைத் தொழிற்சாலை கொழுந்துக்குப் பணம் போடுகிறது. இவை எல்லாம் ஒரே சேமிப்புக் கணக்கில் விழுகின்றன. மாத முடிவில் எது எதற்கு என்று தெரியவில்லை. கீழே வரும் வரிகளும் எண்களும் இந்தக் கணக்குக்காக எழுதப்பட்டவை. அமைப்பு மட்டும் உண்மையான ஸ்டேட்மென்டுகளில் இருப்பதுதான்.

பாஸ்புக்கை வைத்துத் தேடாதீர்கள்

பாஸ்புக் இயந்திரத்துக்குக் கிடைக்கும் அகலம் குறைவு. விவரப் பகுதியில் பாதியை அது விழுங்கிவிடும், பல நேரம் குறிப்பு எண்ணின் வாலே காணாமல் போகும். நெட் பேங்கிங்கிலோ வங்கியின் செயலியிலோ அதே மாத ஸ்டேட்மென்டை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். நெட் பேங்கிங் இல்லாதவர்கள் கிளையில் கணினியில் எடுத்த ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கலாம். பிடிஎஃப் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் ஓர் எண்ணைத் தேடிப் பிடிக்க எக்செல்தான் எளிது.

எப்போதும் ஒரு மாதம் முன்னதாகவும் சேர்த்து எடுங்கள். ஜூன் மாதத்துப் புதிருக்கு விடை பெரும்பாலும் மே மாதத்தில் கிடக்கும். திரும்பி வந்த பணமும், மாதம் தள்ளி வரும் கொழுந்துப் பணமும் அப்படித்தான்.

முதல் சொல் வழியைச் சொல்லும்

வரியின் தொடக்கத்தில் `UPI`, `IMPS`, `NEFT`, `RTGS`, `ACH` ஆகியவற்றில் ஒன்று இருந்தால் தேடல் பாதி குறைந்துவிடும். யுபிஐயும் ஐஎம்பிஎஸ்ஸும் அந்த நிமிடமே நடப்பவை. அதனால் அதே நேரத்தில் வந்த குறுஞ்செய்தியையோ செயலிப் பதிவையோ தேடினால் போதும். நெஃப்ட் அரை மணி நேரத்துக்கு ஒரு தொகுப்பாகப் போகிறது. 2019 டிசம்பர் முதல் அது இரவும் ஞாயிறும் உட்பட எல்லா நேரமும் இயங்குகிறது, ஆகவே ஞாயிற்றுக்கிழமை வரவு வந்தால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆர்டிஜிஎஸ் குறைந்தது 2 லட்சம் ரூபாய்க்கு.

`ACH DR` என்று இருந்தால் நீங்கள் எப்போதோ கையெழுத்திட்டோ ஓடிபி கொடுத்தோ அனுமதித்த தானியங்கிப் பிடித்தம். கடன் தவணை, காப்பீட்டு பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட் தவணை ஆகியவை இந்த வழியில் போகும். இதற்குக் கடைகளில் தேடிப் பயனில்லை. போன மாதமும் அதே தேதியை ஒட்டி அதே தொகை போயிருக்கிறதா என்று பாருங்கள். `ACH CR` என்றால் நிறுவனம் ஒன்று மொத்தமாகப் பலருக்குப் போட்டதில் உங்கள் பங்கு. பங்கு ஈவுத்தொகை இப்படி வருவதுண்டு.

`DR`, `TO TRANSFER`, `WDL` என்று இருந்தால் பணம் போயிருக்கிறது. `CR`, `BY TRANSFER`, `DEP` என்றால் வந்திருக்கிறது. `REV` இருந்தால் போனது திரும்பியிருக்கிறது. இந்த மூன்று எழுத்தைக் கவனிக்காமல் விடுவதால் வரும் குழப்பத்தைத்தான் பின்னால் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

குறிப்பு எண்ணுக்குள் தேதி இருக்கிறது

வரியில் உள்ளவற்றில் இதுதான் மிகப் பயனுள்ளது, இதைத்தான் பலரும் பார்ப்பதே இல்லை. யுபிஐ, ஐஎம்பிஎஸ் வரிகளில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதன் முதல் இலக்கம் பொதுவாக ஆண்டின் கடைசி இலக்கம். அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. மீதி வரிசை எண்.

```
515118204417
5   = 2025
151 = ஆண்டின் 151-வது நாள்
```

ஜனவரி 31, பிப்ரவரியோடு 59, மார்ச்சோடு 90, ஏப்ரலோடு 120, மேயோடு 151. ஆக 151 என்பது மே 31. லீப் ஆண்டானால் பிப்ரவரிக்குப் பிறகு எல்லாம் ஒரு நாள் நகரும். 2024-இல் 151-வது நாள் மே 30. விரல் விட்டு எண்ண வேண்டாம் என்றால், எண் A2 கட்டத்தில் இருக்கும்போது எக்செல்லில் இதை எழுதுங்கள். விடை வெறும் எண்ணாக வந்தால் அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

```
=DATE(2020+LEFT(A2,1),1,0)+MID(A2,2,3)
```

ஸ்டேட்மென்டில் வலப்பக்கமோ இடப்பக்கமோ அச்சாகும் தேதி, வங்கி அந்த வரியைக் கணக்கில் எழுதிய நாள். எண்ணுக்குள் இருப்பது பரிமாற்றம் தொடங்கிய நாள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சாதாரணப் பணம். வரவில் தேதி ஜூன் 3 என்றும் எண்ணுக்குள் மே 31 என்றும் இருந்தால், மே 31 அன்று நடந்த ஏதோ ஒன்றின் தொடர்ச்சியாக அந்தப் பணம் வந்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

எல்லா எண்ணும் இப்படி அமைவதில்லை. இரண்டாவது முதல் நான்காவது வரையுள்ள இலக்கங்கள் 366-ஐத் தாண்டினாலோ, முதல் இலக்கம் நடப்பு ஆண்டோடு ஒட்டவில்லை என்றாலோ, அந்த எண்ணில் தேதி இல்லை என்று எடுத்துக்கொண்டு விடுங்கள். அப்போதும் அந்த எண்ணே ஓர் அடையாளம்தான். அனுப்பியவர் கையிலும் பெற்றவர் கையிலும் இருப்பது ஒரே 12 இலக்கம். இரண்டு பக்கமும் ஒத்துப் பார்க்க அதுவே போதும்.

ஆர்டிஜிஎஸ் எண்ணில் தேதி இன்னும் வெளிப்படை. மொத்தம் 22 எழுத்துகள். முதல் நான்கு அனுப்பிய வங்கி, பிறகு `R`, ஓர் இலக்கம், அதற்குப் பின் எட்டு இலக்கத் தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். சில வங்கிகளின் நெஃப்ட் எண்ணும் இப்போது `R` இருந்த இடத்தில் `N` போட்டு இதே அமைப்பில் வருகிறது. பழைய நெஃப்ட் எண் 16 எழுத்து. அதில் ஆண்டும் நாள் எண்ணும் இருக்கும், ஆனால் எது முன்னால் என்பது வங்கிக்கு வங்கி மாறும்.

விருந்தினரிடம் எண் கேட்கும்போது ஒரு சிக்கல் வரும். அவர் போன்பே திரையில் `T` என்று தொடங்கும் நீண்ட எண்ணை அனுப்புவார், அல்லது கூகுள் பே திரையில் எழுத்துகள் கலந்த ஒன்றை அனுப்புவார். அவை அந்தச் செயலிகளின் சொந்த எண்கள், உங்கள் ஸ்டேட்மென்டில் இருக்காது. போன்பேயில் `UTR` என்பதற்கு எதிரே உள்ளதையும், கூகுள் பேயில் `UPI transaction ID` என்பதற்குக் கீழே உள்ளதையும் கேளுங்கள். அதுதான் 12 இலக்கம்.

பெயர், வங்கிக் குறி, யுபிஐ முகவரி

ஸ்டேட் வங்கி பாணியில் ஒரு வரி இப்படி இருக்கும்:

```
TO TRANSFER-UPI/DR/515118204417/SRI MURU/YESB/paytmqr5x/UPI
```

வழி, திசை, எண், பெயரின் தொடக்கம், வங்கிக் குறி, யுபிஐ முகவரியின் தொடக்கம், அனுப்பும்போது எழுதிய குறிப்பு என்று சாய்கோடுகளுக்கு இடையே அடுத்தடுத்து நிற்கின்றன. மற்ற வங்கிகள் சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோடு போடும், வரிசையும் கொஞ்சம் மாறும், சரக்கு ஒன்றுதான். பெயரும் முகவரியும் பாதியில் நிற்பது வங்கியின் கட்ட அளவால். முழு முகவரி வேண்டுமென்றால் பணம் அனுப்பிய செயலியின் வரலாற்றைத் திறந்து அதே எண்ணைப் பாருங்கள்.

இந்த வரியைப் பார்த்தவுடன் ‘நமக்கு யெஸ் வங்கியில் யாரையும் தெரியாதே’ என்று பதற வேண்டாம். `paytmqr` என்று தொடங்கினால் அது ஒரு கடையில் ஒட்டியிருக்கும் பேடிஎம் க்யூஆர். 2024 மார்ச்சில் பேடிஎம் தன் கடைகளின் யுபிஐயை வேறு வங்கிகளுக்கு மாற்றிக்கொண்டது, அதில் யெஸ் வங்கி முக்கியமானது. கடைக்காரரின் சொந்தக் கணக்கு எந்த வங்கியில் இருந்தாலும் உங்கள் வரியில் `YESB` என்றே விழலாம். `Q` என்ற எழுத்துக்குப் பின் எண்களும் `@ybl` என்ற முடிவும் இருந்தால் போன்பே கடை க்யூஆர். `bharatpe` என்று வெளிப்படையாகவே வருவதும் உண்டு. வெறும் பத்து இலக்கக் கைபேசி எண்ணாகவோ ஒருவரின் பெயராகவோ முகவரி தொடங்கினால் பெரும்பாலும் தனிநபர். இணையத்தில் வாங்கியதாக இருந்தால் `RAZORPAY`, `BILLDESK`, `PAYU` போன்ற இடைநிலை நிறுவனங்களின் பெயர்தான் தெரியும். அப்போது அதே தொகையோடு அதே நேரத்தில் வந்த மின்னஞ்சலையோ குறுஞ்செய்தியையோ தேடுவதே குறுக்குவழி.

வங்கிக் குறிகளில் தமிழ்நாட்டில் அடிக்கடி ஏமாற்றுபவை சில. `IDIB` என்பது இந்தியன் வங்கி, ஐடிபிஐ அல்ல. ஐடிபிஐயின் குறி `IBKL`. `UTIB` என்பது ஆக்சிஸ் வங்கி. 2007 வரை அதன் பெயர் யுடிஐ வங்கி, குறி மட்டும் பழையதாகவே நின்றுவிட்டது. `CNRB` கனரா, அதில் 2020-இல் இணைந்த சிண்டிகேட் வங்கி வாடிக்கையாளர்களும் அடக்கம். `IOBA` இந்தியன் ஓவர்சீஸ், `TMBL` தமிழ்நாடு மெர்க்கன்டைல், `KVBL` கரூர் வைஸ்யா, `CIUB` சிட்டி யூனியன், `IPOS` அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கி. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் கணக்கு வைத்திருப்பவர் அனுப்பினால் `TNSC` என்று வரும். அது மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியின் குறி. மலையில் கூட்டுறவு வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் இந்தக் குறியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

தேயிலைத் தொழிற்சாலைப் பணத்தில் பெயர்ச் சிக்கல் இன்னொரு விதம். கேட்டில் எழுதியிருக்கும் பெயர் ஒன்று, கணக்கு தொடங்கிய கம்பெனியின் பெயர் வேறொன்றாக இருக்கும். அல்லது ஸ்டேட் வங்கி வரியில் வெறும் `BULK POSTING` என்று நிற்கும். பலருக்கு ஒரே கோப்பில் பணம் போட்டதைத்தான் அது குறிக்கிறது. இங்கே பெயரை விட்டுவிட்டுத் தொகைக்குப் போக வேண்டும். போன மாதம் 640 கிலோ கொழுந்து கொடுத்து, கிலோவுக்கு 22 ரூபாய் விலை என்றால் 14,080. உரத்துக்கு வாங்கிய முன்பணம் 3,000, வண்டிக்கூலி கிலோவுக்கு ஒரு ரூபாய் வீதம் 640 கழித்தால் 10,440. கணக்கில் அந்த 10,440 இருந்தால் பெயர் எதுவானாலும் அது கொழுந்துப் பணம்தான். பத்து இருபது ரூபாய் மட்டும் இடித்தால் எடையில் ஈரத்துக்குக் கழித்திருக்கிறார்களா என்று மாதச் சீட்டைப் பாருங்கள்.

சில்லறைப் பைசா பேசும்

முழுத் தொகை அல்லாமல் பைசாவோடு ஒரு பற்று இருந்தால் முதலில் 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். வங்கிக் கட்டணங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். வகுத்து வருவது முழு எண்ணாக இருந்தால் அது பெரும்பாலும் வங்கியே பிடித்தது. 27.14-ஐ வகுத்தால் 23. 2025 மே முதல் இலவச எண்ணிக்கை தாண்டிய ஏடிஎம் பணம் எடுப்புக்கு வங்கிகள் வாங்கக்கூடிய உச்சம் அதுதான். 236-ஐ வகுத்தால் 200. டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணமாகப் பலர் பார்க்கும் தொகை. 17.70 என்றால் 15, குறுஞ்செய்திக் கட்டணத்தில் அடிக்கடி வருவது. 295, 590 என்றால் 250, 500. கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பியதற்கான அபராதம் இந்த அளவில் இருக்கும். அப்படியானால் அதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் திரும்பிய `ACH` வரியைத் தேடுங்கள்.

1.18 கணக்கு தோற்கும் இடம் ஒன்று உண்டு. கட்டணம் விழும்போது கணக்கில் போதிய பணம் இல்லையென்றால், வங்கி இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அடுத்த வரவில் பிடிக்கலாம். அப்போது 83.40 என்று தலையும் காலும் இல்லாத தொகை வரும். பக்கத்து இருப்புக் கட்டத்தில் பூஜ்யம் நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. அடுத்த வரவுக்குப் பின் விழும் பிடித்தத்தைக் கூட்டிப் பார்த்து, பிறகு வகுங்கள்.

மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ 20 ரூபாயும் 436 ரூபாயும் போயிருந்தால் அவை கட்டணம் அல்ல, வகுத்தாலும் முழு எண் வராது. 20 என்பது பிரதமரின் விபத்துக் காப்பீட்டு பிரீமியம், 436 ஆயுள் காப்பீட்டு பிரீமியம். 2022 ஜூன் முதல் இந்த அளவில் இருக்கின்றன. கணக்கு தொடங்கும்போது படிவத்தில் கையெழுத்திட்டதை மறந்துவிட்டவர்கள்தான் ஆண்டுதோறும் இந்த இரண்டு வரிகளைப் பார்த்துக் கிளைக்கு வருகிறார்கள்.

இதே வகுத்தல் கார்டு இயந்திர வரவையும் அவிழ்க்கும். நம் குடும்பத்தின் கணக்கில் ஒரு திங்கட்கிழமை 7,518.28 வரவு விழுகிறது. அந்தத் தொகையை யாரும் கொடுக்கவில்லை. சனியும் ஞாயிறும் எழுதிய பில் புத்தகத்தில் கிரெடிட் கார்டு தேய்த்தவை 4,500, 3,200, ஆக 7,700. வித்தியாசம் 181.72. அதை 1.18-ஆல் வகுத்தால் சரியாக 154. அது 7,700-இல் 2 சதவீதம். ஆக, இயந்திரம் கொடுத்த வங்கி 2 சதவீதக் கழிவும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் வசூலை ஒன்றாகப் போட்டிருக்கிறது. வகுத்து வருவது நேர்த்தியான சதவீதமாக இல்லையென்றால், அந்தத் தொகுப்பில் டெபிட் கார்டும் கலந்திருக்கும். ரூபே டெபிட் கார்டுக்குக் கழிவு கிடையாது, மற்ற டெபிட் கார்டுகளுக்குக் கிரெடிட் கார்டைவிடக் குறைவு. 2,000 ரூபாய் வரையான தேய்ப்புகளின் கழிவுக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. ஒவ்வொரு சீட்டையும் தனியாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டியிருக்கும். வரவு வரியில் எட்டு எழுத்து எண் ஒன்று இருந்தால் அதை இயந்திரச் சீட்டில் `TID` என்ற இடத்தோடு ஒப்பிடுங்கள். அது ஒத்தால் அந்த வரவு உங்கள் இயந்திரத்தின் வசூல்தான்.

இரண்டு 2,500: முழுதாக ஒரு வழக்கு

ஜூன் 3, செவ்வாய்க்கிழமை காலை. சென்னை விருந்தினர் ஒருவர் வார இறுதிக்கு முன்பணம் 2,500 அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார். கைபேசியில் 2,500 வரவு என்று வங்கிக் குறுஞ்செய்தியும் வந்திருக்கிறது. அறை உறுதி என்று பதில் போய்விடுகிறது. மாலையில் அறை விடும் வீட்டு அம்மா ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்க்கிறார்:

```
31-05-2025 UPI/DR/515118204417/SRI MURU/YESB/paytmqr5x/UPI  2,500.00 Dr
03-06-2025 UPI/REV/515118204417/SRI MURU                    2,500.00 Cr
```

விருந்தினரின் பெயர் எங்கும் இல்லை. தன் பணம் கடையின் க்யூஆர் வழியாக வந்திருக்குமோ என்று விருந்தினர் ஒரு விளக்கம் சொல்கிறார். பெயரை மட்டும் பார்த்தால் அதை ஏற்றுக்கொள்ளத் தோன்றும்.

வழியைப் பார்த்தால் `REV`. அது வரவானாலும் புதுப்பணம் இல்லை, போன பணத்தின் திரும்பல். எண்ணைப் பார்த்தால் இரண்டு வரியிலும் ஒரே 12 இலக்கம், உள்ளே 151, அதாவது மே 31. சனிக்கிழமை மாலை மகன் ஹார்டுவேர் கடையில் குழாய்ச் சாமான் வாங்கி க்யூஆரில் 2,500 அனுப்பினான். மேகம் இறங்கி சிக்னல் விட்டுவிட்டு வந்த நேரம். கணக்கில் பணம் கழிந்தது, கடைக்காரரின் ஒலிபெருக்கி பேசவில்லை, திரை சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வந்தான். கடைக்குச் சேராத அந்தப் பணம்தான் ஜூன் 3 அன்று திரும்பியிருக்கிறது. இப்படிக் கடையில் உறுதியாகாத யுபிஐ பணத்தை, நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதி. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. தனிநபருக்கு அனுப்பிச் சேராமல் போனதானால் கெடு ஒரு நாள்தான். மே 31-க்கு ஐந்து நாள் ஜூன் 5. இது மூன்றாம் நாளே வந்துவிட்டது.

கடையே மனமுவந்து திருப்பிக் கொடுத்த பணத்தோடு இதைக் குழப்ப வேண்டாம். பொருளைத் திருப்பிக் கொடுத்ததால் கடை அனுப்பும் பணம் பெரும்பாலும் புது எண்ணோடு, சாதாரண `CR` வரியாக வரும். அதைப் பழைய பற்றோடு சேர்க்க எண் உதவாது. தொகையும் கடையின் பெயரும்தான் உதவும்.

அப்படியானால் விருந்தினரின் 2,500 எங்கே? அவரிடம் 12 இலக்கம் கேட்டதும் `515409337120` என்று வருகிறது. 154-வது நாள், ஜூன் 3. தேதி சரி, அவர் திரையில் வெற்றி என்றும் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கின் எக்செல் கோப்பில் தேடினால் அந்த எண் இல்லை. உடனே அவர்மேல் சந்தேகப்படுவது தவறு. கைபேசி எண்ணுக்கு அனுப்பும் யுபிஐ பணம், பெறுபவரின் செயலியில் எது முதன்மைக் கணக்காக வைக்கப்பட்டிருக்கிறதோ அதற்குத்தான் போகும். இந்த அம்மா புதுக் கைபேசியில் செயலியை நிறுவியபோது பழைய இந்தியன் வங்கிக் கணக்கையும் சேர்த்திருந்தார், அது முதன்மையாக அமர்ந்துவிட்டது. அந்தக் கணக்கின் சிறு ஸ்டேட்மென்டைத் திறந்தால் `515409337120`, 2,500 வரவு. விருந்தினர் சொன்னது உண்மை. அறையும் அவருக்குத்தான்.

இதற்குப் பிறகு செய்ய வேண்டியது இரண்டு. செயலியில் முதன்மைக் கணக்கை மாற்ற வேண்டும். அறை உறுதி செய்வதற்கு வங்கிக் குறுஞ்செய்தியின் தொகையைப் பார்க்காமல், விருந்தினர் தரும் 12 இலக்கத்தை வரவு வரியோடு ஒத்துப்பார்க்க வேண்டும். அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் தங்கும் தேதியை, `0706` என்பதுபோல் நான்கு இலக்கமாக எழுதச் சொல்வதும் உதவும். குறிப்பு வரியின் கடைசியில் இருப்பதால் வெட்டுப்படும் வாய்ப்பு அதற்கே அதிகம், அதனால்தான் சுருக்கமாகக் கேட்க வேண்டும்.

எதிலும் பொருந்தவில்லை என்றால்

வரவு ஒன்று எதற்கும் பொருந்தவில்லை என்றால் செலவழிக்காமல் வையுங்கள். ‘தவறுதலாக அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பிப் போடுங்கள்’ என்று யாராவது அழைத்தால், அவர் சொல்லும் எண்ணுக்கு நீங்களாக அனுப்ப வேண்டாம். அவருடைய வங்கி வழியாகக் கோரச் சொல்லுங்கள், உங்கள் கிளைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

பற்று ஒன்று பொருந்தவில்லை என்றால் காலம் முக்கியம். வீட்டில் அந்தக் கணக்கைத் தொடும் எல்லோரிடமும் அன்றே கேளுங்கள், செயலி வரலாற்றைப் பாருங்கள். நீங்கள் யாரும் செய்யாதது என்று தெரிந்தால் வங்கியின் எண்ணை அழைத்து முடக்கச் சொல்லி, புகார் எண் வாங்குங்கள், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-லும் பதியுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் தரப்பால் நடந்த மின்னணுப் பரிமாற்றத்தை, வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்கள்மேல் பொறுப்பு விழாது என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை சொல்கிறது. நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்கும் மேல் போனால் வங்கியின் கொள்கைப்படி. ஓடிபியையோ பின் எண்ணையோ நீங்களே யாரிடமாவது சொல்லியிருந்தால், புகார் சொல்லும் வரை ஏற்பட்ட இழப்பு உங்களுடையது.

மோசடி இல்லை, வெறும் புரியாத வரி என்றால் கிளைக்கு எழுதும்போது ‘ஜூன் மாதத்தில் ஏதோ பிடித்திருக்கிறீர்கள்’ என்று எழுதாதீர்கள். கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், வரியின் தேதி, பைசா வரை தொகை, விவரப் பகுதி எழுத்துக்கு எழுத்து, குறிப்பு எண் ஆகியவற்றை எழுதி, ‘இதில் மறுபக்கத்தின் முழுப் பெயரும், கட்டணமானால் அதன் வகையும் வேண்டும்’ என்று கேளுங்கள். `ACH` என்றால் அந்த அனுமதியின் 20 எழுத்து எண்ணையும், அனுமதி பெற்ற நிறுவனத்தின் பெயரையும், முடியும் தேதியையும் சேர்த்துக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் பதியலாம். அங்கேயும் முதலில் கேட்கப்படுவது வங்கிக்கு எழுதிய புகாரின் நகல்தான், அதனால் கிளையில் கொடுக்கும் கடிதத்தின் இரண்டாம் படியில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.